கடன் நிறுவனத்தின் கோப்பில் தணிக்கையாளர் தேடுவது என்ன?

தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகப் பட்டணத்திலுள்ள ஒரு சிறு கடன் நிறுவனத்திற்குச் செல்கிறார். அங்குள்ள குமாஸ்தா அவருடைய அடையாளக் கார்டைக் கேட்கிறார், நகல் எடுக்கிறார், சம்பளச் சீட்டைப் பார்க்கிறார், பணம் எதற்கு என்று வினவுகிறார். நம்முடைய பணத்தையா இவர்கள் கேட்கிறார்கள், நாம்தானே கடன் வாங்குகிறோம், பிறகு ஏன் இத்தனை கேள்வி என்று நம்மில் பலர் மனத்துக்குள் சலித்துக்கொள்வதுண்டு. அந்தக் கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதையும், அவை ஒழுங்காகக் கேட்கப்பட்டனவா என்பதைத் தணிக்கையாளர் எவ்வாறு கண்டறிகிறார் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

குற்றச் செயலால் வந்த பணத்தை நேர்மையான பணம்போல் ஆக்கிக் காட்டுவதே பணச்சலவை எனப்படுகிறது. இதைத் தடுப்பதற்காக நம் நாட்டில் 2001ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வங்கிகள் மட்டுமல்லாமல், உரிமம் பெற்ற கடன் நிறுவனங்களும் அச்சட்டத்திற்கு உட்பட்டவையே. வாடிக்கையாளர் யார் என்பதை உறுதி செய்தல், அவருடைய கொடுக்கல் வாங்கலைக் கவனித்து வருதல், ஐயத்திற்கு இடமானவற்றைப் பேங்க் நெகாராவின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிவித்தல், பதிவேடுகளை ஆறாண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாத்தல் ஆகியவை அந்நிறுவனங்களின் கடமைகளாகும்.

கடன் கொடுக்கும் நிறுவனத்தில் கறுப்புப் பணம் எப்படி நுழையும் என்று வாசகர்கள் கேட்கலாம். வழி மிக எளியது. ஒருவன் தவறான வழியில் வந்த ரொக்கத்தை வைத்திருக்கிறான். அதை நேரே வங்கியில் போட்டால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். ஆகவே வேறொருவர் பெயரில் 5,000 ரிங்கிட் கடன் வாங்கச் செய்கிறான். கடன் தொகை நிறுவனத்திலிருந்து முறையான பத்திரத்தோடு வருகிறது. பிறகு, தன்னிடமுள்ள ரொக்கத்தைக் கொண்டு அந்தக் கடனைச் சீக்கிரமே அடைத்துவிடுகிறான். கறுப்பு ரொக்கம் நிறுவனத்தின் பெட்டிக்குப் போய்விட்டது. கையில் இருப்பதோ "கடன் வாங்கிய பணம்" என்று பத்திரம் காட்டக்கூடிய சுத்தமான பணம். செலவு சிறிது வட்டி மட்டுமே.

இனி, ஒரு நிறுவனத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று கிளைகள் உள்ளன. நடப்பிலுள்ள வாடிக்கையாளர்கள் 2,400 பேர். சட்ட விதிகள் கடைப்பிடிக்கப்படுவதைக் கவனிப்பதற்கென இணக்க அதிகாரி ஒருவரும், அவருக்கு உதவியாக ஓர் அலுவலரும் இருக்கின்றனர். அந்நிறுவனத்தின் இயக்குநர் வாரியம் ஒரு தணிக்கையாளரை அழைக்கிறது. அவர் அந்த இருவருள் ஒருவராக இருத்தல் ஆகாது. தாம் செய்த வேலையைத் தாமே சோதிப்பவர் குறையைக் காண்பது அரிது.

அடையாளக் கார்டிலிருந்து தொடக்கம்

தணிக்கையாளர் முதலில் 40 கோப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார். அவற்றுள் பாதியை எந்தக் கணக்குமின்றிக் குலுக்கல் முறையில் எடுக்கிறார். மறுபாதியை வேண்டுமென்றே பொறுக்கி எடுக்கிறார்: தவணைக் காலத்திற்கு வெகு முன்பே தீர்க்கப்பட்ட கடன்கள், ஒரே நாளில் திறக்கப்பட்ட பல கணக்குகள், முகவரி அடிக்கடி மாறியவை ஆகியவை அவை. குலுக்கல் பாதி வழக்கமான வேலை எப்படி நடக்கிறது என்பதைக் காட்டும். பொறுக்கிய பாதி, கெடுதல் இருக்குமானால் எங்கே இருக்கும் என்பதைக் காட்டும். நாற்பது கோப்புகளைப் பார்த்துவிட்டு 2,400 பேரைப் பற்றியும் உறுதி கூற இயலாது என்பதை அவர் அறிவார்; தம் அறிக்கையிலும் அவ்வாறே எழுதுவார்.

கோப்பில் மைகார்டு நகல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. அந்த எண்ணையே படிக்கிறார். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிக்கும். பேராக்கிற்கு 08, ஜொகூருக்கு 01 என்பது போல. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். கணினியில் பதிவான பிறந்த தேதியும் பாலினமும் இந்த எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்பதை 2,400 பேருக்கும் ஒரே நேரத்தில் சோதித்துவிடலாம். ஒத்துப்போகாதவை பெரும்பாலும் தட்டச்சுப் பிழைகளாகவே இருக்கும். ஆனால் பிழையான பிறந்த தேதி பின்னால் என்ன தொல்லை தரும் என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

எண் ஒத்துப்போவதால் மட்டும் கார்டு உண்மையானது என்று ஆகிவிடாது. ஆகவே கார்டைக் கொண்டுவந்தவரே அதன் சொந்தக்காரர் என்பதைக் குமாஸ்தா எப்படி உறுதி செய்தார் என்பதற்குக் கோப்பில் தடயம் தேடுகிறார். கார்டிலுள்ள சில்லையும் பெருவிரல் ரேகையையும் கருவியில் ஒப்பிட்டதற்கான பதிவு இருக்கலாம். "அசலைப் பார்த்தேன், முகத்தோடு ஒப்பிட்டேன்" என்று நாளிட்ட கையொப்பம் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், அங்கே இருப்பது வெறும் நகல். அதை யாரும் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம்.

பெயர்ப் பட்டியலும் அப்பாவி வாடிக்கையாளரும்

அடுத்து வருவது பெயர் ஒப்பீடு. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் தடை விதித்துள்ளவர்களின் பட்டியலும், நம் உள்துறை அமைச்சின் பட்டியலும் உள்ளன. ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயரும் அவற்றோடு ஒப்பிடப்பட வேண்டும். பட்டியல் மாறும்போது பழைய வாடிக்கையாளர்களையும் மீண்டும் ஒப்பிட வேண்டும். பெயர் பொருந்துவதாகக் கணினி கருதினால் ஓர் எச்சரிக்கைக் குறிப்பை எழுப்பும். அது வெறும் கேள்வி, தீர்ப்பு அன்று. அந்தக் கேள்விக்கு ஒரு மனிதர் விடை எழுத வேண்டும்.

நம் நிறுவனத்தில் மூன்று குறிப்புகள் விடையின்றிக் கிடப்பதைத் தணிக்கையாளர் காண்கிறார். அவற்றுள் ஒன்று ஒரு தோட்டத்து லோரி ஓட்டுநரைப் பற்றியது. பட்டியலிலுள்ள சிலருக்குப் புனைபெயர்களும் தரப்பட்டுள்ளன. அவற்றுட் சில ஒரே சொல்லாக இருக்கும். அப்படிப்பட்ட ஒரு சொல் இந்த ஓட்டுநரின் பெயரில் இடம்பெற்றிருந்தது. அவ்வளவுதான் பொருத்தம். பட்டியலில் உள்ளவர் 1968இல் வேறு நாட்டில் பிறந்தவர். ஓட்டுநரோ 1991இல் பேராக்கில் பிறந்தவர். கோப்பைத் திறந்து பிறந்த தேதியை ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். ஆனால் கணினியில் அவருடைய பிறந்த தேதி தவறாகப் பதிவாகியிருந்தபடியால் அலுவலருக்குத் தயக்கம் ஏற்பட்டது, அவர் அதை ஒதுக்கி வைத்தார், பிறகு மறந்தார். ஐந்து வாரங்களாகக் கடன் கிடைக்காமல், காரணமும் தெரியாமல், அந்த ஓட்டுநர் மூன்று முறை வேலையை விட்டுவிட்டு வந்து திரும்பியிருக்கிறார். தட்டச்சுப் பிழை தரும் தொல்லை என்று முன்னர்க் கூறியது இதுவே.

இத்தகைய குறிப்பை எப்படி முடிக்க வேண்டும்? "பெயர் ஒத்துள்ளது. பிறந்த ஆண்டு 23 ஆண்டுகள் வேறுபடுகிறது. பிறந்த நாடும் வேறு. அசல் மைகார்டைக் கொண்டு இவற்றைச் சரிபார்த்தேன். இவர் அவர் அல்லர்" என்று எழுதி, நாளும் கையொப்பமும் இட்டால் போதுமானது. எதை எதனோடு ஒப்பிட்டார் என்பது அதில் இருக்கிறது. "சரி" என்றோ "பொருந்தவில்லை" என்றோ ஒரு சொல் எழுதினால், அலுவலர் உண்மையிலேயே பார்த்தாரா என்பதை வேறெவரும் அறிய முடியாது.

தணிக்கையாளர் கணினியையும் சோதிக்கிறார். பட்டியலிலுள்ள சில பெயர்களை எடுத்து, ஒவ்வொரு சொல்லிலும் ஓரிரு எழுத்துகளை மாற்றி, பயிற்சிக் கணக்கில் பதிகிறார். நம் நாட்டில் ஒரே பெயர் MOHAMMAD என்றும் MUHAMMAD என்றும் MOHD என்றும் எழுதப்படுவதையும், SUBRAMANIAM என்பது SUBRAMANIYAM ஆவதையும் அனைவரும் அறிவோம். எழுத்து மாறிய பெயர் எதற்கும் கணினி வாய்திறக்கவில்லை. ஏதேனும் ஒரு சொல் எழுத்துக்கு எழுத்து ஒத்தால் மட்டும் குறிப்பு எழுப்பும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. அதனால் அப்பாவி ஓட்டுநர் சிக்கினார். எழுத்தை மாற்றிக்கொண்டு வருபவன் தப்பிவிடுவான். இரு குறைகளுக்கும் மூலம் ஒன்றே.

ஒரு மாலையில் முடிந்த 61 குறிப்புகள்

பெயர் பற்றிய குறிப்புகள் தவிர, பணம் பற்றிய குறிப்புகளும் உண்டு. இந்நிறுவனத்தின் கணினி, ஒரு வாடிக்கையாளர் கணக்கில் ஒரு மாதத்திற்குள் 10,000 ரிங்கிட்டுக்கு மேல் ரொக்கம் கட்டப்பட்டால் குறிப்பு எழுப்பும். ஓராண்டில் எழுந்த எல்லா வகைக் குறிப்புகளும் 186. அவற்றுள் 181 முடிக்கப்பட்டுவிட்டன. இரண்டு இணக்க அதிகாரிக்கு அனுப்பப்பட்டன. மூன்று கிடப்பில் இருந்தன.

தணிக்கையாளர் இந்த எண்ணிக்கையைக் கண்டு திருப்தி அடைவதில்லை. ஒவ்வொரு குறிப்பும் எந்த நாளில், எத்தனை மணிக்கு முடிக்கப்பட்டது என்ற பதிவைக் கேட்டு வாங்குகிறார். டிசம்பர் மாதக் கடைசி வேலைநாளன்று, மாலை 4 மணி 5 நிமிடம் முதல் 5 மணி 15 நிமிடம் வரையில், ஒரே அலுவலர் 61 குறிப்புகளை முடித்திருப்பது தெரிய வருகிறது. எழுபது நிமிடத்தில் அறுபத்தொன்று. ஒன்றுக்கு ஒரு நிமிடத்திற்குச் சற்றே கூடுதல். கோப்பைத் திறந்து பார்ப்பதற்கே அந்நேரம் போதாது.

அலுவலரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு முகப்பிலும் வேலை உண்டு. குறிப்புகள் சேர்ந்துவிட்டன. ஆண்டிறுதி அறிக்கையில் கிடப்பில் உள்ளவை குறைவாக இருக்க வேண்டும் என்று மேலிடம் விரும்பியது. காரணம் எழுத வேண்டிய கட்டத்தை நிரப்பாமலே கணினி விட்டுவிடுகிறது. ஆகவே முடித்துவிட்டார். இங்கே குற்றம் ஒரு மனிதரோடு முடிந்துவிடவில்லை என்பதைத் தணிக்கையாளர் குறித்துக்கொள்கிறார்.

பிறகு அந்த 61இல் 25ஐ எடுத்து, தாமே முதலிலிருந்து ஆராய்கிறார். 21 குறிப்புகளில் முடிவு சரியே. எழுதப்படாதது காரணம் மட்டுமே. ஒருவர் நிலம் விற்றிருந்தார். மற்றொருவர் சேமநிதிப் பணம் பெற்றிருந்தார். அதற்குரிய தாள்கள் கோப்பிலேயே இருந்தன. எஞ்சிய நான்கு, முடித்திருக்கக் கூடாதவை. அந்த நான்கில் ஒன்றைத் தொடர்ந்து செல்வோம்.

ஏழு கடன்களும் ஒரு தொலைபேசி எண்ணும்

ஒரு தோட்டத் தொழிலாளியின் கணக்கில் ஒரே நாளில் 10,200 ரிங்கிட் ரொக்கம் கட்டப்பட்டதாகக் குறிப்பு எழுந்திருந்தது. அலுவலர் அபூர்வமாக இதற்குக் காரணம் எழுதியிருந்தார்: "பதிவுப் பிழை, திருத்தப்பட்டது." அது உண்மைதான். இரண்டு கடன்களுக்கு வந்த தலா 5,100 ரிங்கிட்டைக் காசாளர் தவறுதலாக ஒரே கணக்கில் பதிந்துவிட்டு, மறுநாள் பிரித்துத் திருத்தியிருந்தார். கணக்கு நேராகிவிட்டது, ஆகவே குறிப்பும் முடிந்தது.

தணிக்கையாளருக்கோ அங்கேதான் கேள்வி பிறக்கிறது. இரண்டு வெவ்வேறு மனிதரின் கடனை ஒரே ஆள் ஒரே நேரத்தில் வந்து கட்டினார் அல்லவா? அவர் யார்? ரசீதின் அடிக்கட்டையை எடுத்துப் பார்க்கிறார். கட்டியவரின் கையொப்பம் இரு கடனாளிகளின் கையொப்பத்தோடும் ஒத்துவரவில்லை. இரு கோப்புகளிலும் எழுதப்பட்டிருந்த கைத்தொலைபேசி எண் ஒன்றே. அந்த எண்ணைக் கணினியில் தேடச் செய்கிறார். ஏழு கடனாளிகளின் பதிவில் அதே எண் இருக்கிறது.

ஏழு பேரும் ஒரே தோட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவரும் 24 மாதத் தவணையில் 5,000 ரிங்கிட் கடன் பெற்றிருந்தனர். ஏழு கடன்களும் நான்கு மாதத்திற்குள் ரொக்கமாகத் தீர்க்கப்பட்டிருந்தன. சம்பளச் சீட்டின்படி ஒவ்வொருவருக்கும் மாதம் 1,700 ரிங்கிட் வருமானம். அத்தகையவர் 5,100 ரிங்கிட்டை ஒரே தடவையில் கட்டுவதற்கு மூன்று மாதச் சம்பளம் முழுவதும் வேண்டும். ஏழுக்கும் சேர்த்து வந்த ரொக்கம் 35,700 ரிங்கிட். ஆயினும் கணினி ஏன் மௌனமாக இருந்தது? அது ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. எந்தத் தனிக் கணக்கும் 10,000ஐத் தாண்டவில்லை. காசாளரின் கைப்பிழை ஒன்று நேராதிருந்தால் எந்தக் குறிப்பும் எழுந்திராது.

இந்த இடத்தில் தணிக்கையாளர் மிகவும் நிதானமாக நடந்துகொள்ள வேண்டும். ஒரு தொலைபேசி எண் பல கோப்புகளில் இருப்பது குற்றமாகாது. தோட்டங்களில் ஒரு குடும்பத்திற்கு ஒரே எண் இருக்கலாம். உதவி செய்த ஒருவரின் எண்ணைப் பலர் கொடுத்திருக்கலாம். கூட்டுறவாகப் பணம் திரட்டிக் கட்டியிருக்கவும் கூடும். ஆகவே அவர் அந்த ஏழு பேரையும் குற்றவாளிகள் என்று எழுதுவதில்லை. அவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதும் இல்லை. அது அவருடைய வேலையன்று. கண்டவற்றைத் தாள்களோடு இணக்க அதிகாரியிடம் ஒப்படைக்கிறார்.

ஐயம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் இணக்க அதிகாரியே. ஐயம் உண்டு என்று அவர் முடிவுக்கு வந்தால், அடுத்த வேலைநாளுக்குள் பேங்க் நெகாராவுக்கு அறிக்கை போய்ச் சேர வேண்டும். இல்லை என்று முடிவு செய்தால், அதற்குரிய காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அறிக்கை அனுப்பப்பட்ட செய்தியை வாடிக்கையாளரிடமோ பிறரிடமோ கசியவிடுவது சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தோடு அறிக்கை அனுப்பியவருக்குச் சட்டம் பாதுகாப்பும் அளிக்கிறது.

அறிக்கையில் என்ன எழுதுவது?

"எச்சரிக்கைக் குறிப்புகளைக் கையாள்வதில் முன்னேற்றம் தேவை" என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. நம் தணிக்கையாளர் இவ்வாறு எழுதுகிறார்: "61 குறிப்புகள் 70 நிமிடத்தில், பெரும்பாலும் காரணமின்றி முடிக்கப்பட்டன. மறுஆய்வு செய்த 25இல் நான்கு முடித்திருக்கக் கூடாதவை. காரணம் எழுதாமலே முடிக்கக் கணினி இடமளிக்கிறது. ஒரே அலுவலர் முகப்பு வேலையையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறார். முடித்தவற்றை இரண்டாமவர் எவரும் பார்ப்பதில்லை. மறுஆய்வு செய்யப்படாத 36ஐயும் ஒரு மாதத்திற்குள் மீண்டும் திறந்து பார்க்க வேண்டும்."

பரிகாரங்கள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. காரணக் கட்டம் காலியாக இருந்தால் குறிப்பை முடிக்க முடியாதபடி கணினியை மாற்றலாம். முடித்த குறிப்புகளில் பத்துக்கு ஒன்றை இணக்க அதிகாரி தாமே பார்க்கலாம். கடனைக் கட்ட வருபவர் கடனாளி அல்லாதபோது, அவருடைய பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் ரசீதில் எழுதச் செய்யலாம். ஒரே தொலைபேசி எண் மூன்று கணக்குகளுக்கு மேல் இருந்தாலும், நீண்ட தவணைக் கடன் ஆறு மாதத்திற்குள் ரொக்கமாகத் தீர்ந்தாலும் குறிப்பு எழுமாறு செய்யலாம். பெயர் ஒப்பீட்டில் எழுத்து வேறுபாடுகளுக்கு இடம் கொடுத்து, ஒற்றைச் சொல் பொருத்தத்திற்குப் பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்க்கச் செய்யலாம்.

இவை நடந்தனவா என்பதை அறிய, மூன்று மாதம் கழித்துத் தணிக்கையாளர் மீண்டும் வருகிறார். "செய்துவிட்டோம்" என்ற கடிதத்தை அவர் ஏற்பதில்லை. புதிதாக முடிக்கப்பட்ட 15 குறிப்புகளை எடுத்து வாசிக்கிறார். எழுதப்பட்ட காரணத்தை மட்டும் படித்துவிட்டு, கோப்பைப் பார்க்காமலே, ஏன் இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று அவரால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த வேலை ஒழுங்காக நடக்கிறது. முடியாவிட்டால் அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

அந்த ஏழு கடன்களில் பெயர் கொடுத்தவர்கள் யாவரும் தோட்டத் தொழிலாளர்கள் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். சிறு தொகைக்காகவோ, தெரிந்தவர் கேட்டாரே என்பதற்காகவோ அடையாளக் கார்டைக் கொடுத்திருந்தால், நாளை விசாரணையில் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. தொலைபேசி எண்ணுக்குச் சொந்தக்காரன் அல்லன். கார்டு நகலைக் கொடுக்க நேரும்போது, எந்த நிறுவனத்திற்கு, எதற்காக, எந்த நாளில் என்பதை நகலின் குறுக்கே எழுதிக் கொடுப்பது நல்லது. நம் பெயரிலுள்ள கடனை வேறொருவர் கட்டினால் அதன் ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முகப்பில் குமாஸ்தா அசல் கார்டைக் கேட்டு, நம் முகத்தையும் அதையும் மாறிமாறிப் பார்ப்பாரானால், நம் பெயரில் வேறொருவர் அங்கு வந்து கடன் வாங்கிவிடாதபடி அவர் பார்த்துக்கொள்கிறார் என்றே கொள்ளலாம்.